திருவண்டப்பகுதியில் இரண்டு கரைகள்

திருவாசகத்தின் மூன்றாம் பகுதியாகிய திருவண்டப்பகுதி 182 அடிகளால் இயன்ற இணைக்குறளாசிரியப்பா. அதன் இடைப்பகுதியில் மணிவாசகப் பெருமான் இறைவனை மேகமாக உருவகித்து, அம்மேகம் கடலினின்றும் எழுந்து, மலைமேலேறி, மின்னி, முழங்கிப் பெய்து, அந்நீர் யாறாய்ப் பெருகிக் குளம் புகுந்து வயலிற் பாய்ந்த வரலாறு முழுவதையும் முப்பது அடிகளில் ஒரு தொடராக அமைத்தருளினார். இப்பகுதியை ஓதுவார் பலர். இதன் பொருளைச் சுருக்கி, இறைவன் அருள்மழை பொழிந்தான் என்று கூறிச் செல்வாரும் பலர். ஆயின் மழை என்னும் ஒன்றோடு அவ்வுருவகம் முடியவில்லை. பெய்த நீர் என்னவாயிற்று என்பதே அடிகள் சொல்லவந்த பொருள். அதனை அறிதற்கு அவர் ஆண்ட நீர்ச்சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குதல் வேண்டும்.

நீர் ஒன்றேயாயினும், அது நிற்கும் நிலையும் இயங்கும் நிலையும் பற்றித் தமிழில் அதற்குப் பெயர் வேறுபடும். மலையினின்றும் வீழ்வது அருவி. ஆடுதற்கு இனிதாய் ஓடிவருவது புனல். பரிபாடலில் வையையைப் பாடுமிடத்துப் புதுப்புனலும் புனலாட்டும் பெரிதும் பேசப்படுதலைக் காண்க. நிலைகொள்ளாது நீந்துதற்குரிய பெருக்கு நீத்தம். கரையடங்காது பரப்பது வெள்ளம். இயங்காது ஆழ்ந்து நிற்பது குட்டம். ஒரு நெறிப்பட்டு, தனக்கென ஒரு பெயரும் ஒரு வழியும் உடையதாய் ஒழுகுவது யாறு. இவற்றை ஒருபொருட்பன்மொழியென நிகண்டுகள் ஓரிடத்துத் தொகுத்தாலும், நல்லிசைப் புலவர் ஒன்றனிடத்து மற்றொன்றனை வாளா பெய்வதில்லை.

இனி அடிகள் கூறிய முறையினை உரைநடையில் தொகுத்துக் காண்போம். பேரின்பமாகிய பழைய கடல், கரிய முகிலாகத் தோன்றித் திருப்பெருந்துறை என்னும் மலையில் ஏறுகின்றது. மின்னொளி பரக்கின்றது, ஐம்புலக் கட்டாகிய பாம்பு அஞ்சி நீங்குகின்றது, துயராகிய கோடை மறைகின்றது. அருளாகிய நுண்ணிய துளி விழத் தொடங்குகின்றது. பின்னர் வெள்ளம் திசையெங்கும் பரந்து, துன்பமாகிய குட்டம் இல்லையாம்படி உயர்கின்றது. அவ்விடத்தே ஆறு சமயமாகிய பேய்த்தேரை நீரென்று கருதி ஓடிய மான்கூட்டம், வாய் திறந்து பருக முயன்றும் தாகம் தீராது தளர்ந்து கிடக்கின்றது. இந்நிலையில் வானினின்றும் வந்த நீர் பேரியாறாகப் பாய்ந்தெழுகின்றது; சுழிக்கின்றது; பந்தமாகிய கரையை மோதி இடிக்கின்றது; இருவினையாகிய மரத்தை வேரோடு பறிக்கின்றது. அதன்பின் அந்நீர் மலையிடைச் சந்தில் கட்டிய சிறையால் தடுக்கப்பட்டுக் குளத்தில் நிறைகின்றது. அருச்சனையாகிய வயலிற் சேர்கின்றது. அன்பாகிய வித்து முளைக்கின்றது. தொண்டராகிய உழவர் அதன் பயனை ஆர நுகர்கின்றனர்.

இத்தொகுப்பில் முதலாவது நோக்கத்தக்கது, யாறு என்னுஞ் சொல்லுக்கு முன்னர் மூவகை நீர் வந்தமை. வெள்ளம், குட்டம், பேய்த்தேர் என்பன அவை. வெள்ளம் திசைதோறும் பரப்பது; அதற்கு ஒரு நெறியில்லை. குட்டம் நீர்தான், ஆயினும் அஃது இயங்காத நீர். பேய்த்தேரோ நீரே அன்று. நீர்போலத் தோன்றும் கானல். நீருண்டு இயக்கமில்லை என்பது ஒன்று. இயக்கமுண்டு நீரில்லை என்பது மற்றொன்று. பேய்த்தேர் ஓடுவதுபோலத் தோன்றும் என்பதைக் கோடையில் வெட்டவெளியிற் சென்றார் அறிவர்; அணுகுந்தோறும் அது விலகிச் செல்லும். துன்பத்திற்குக் குட்டத்தையும், பயன்தராச் சமயங்களுக்குப் பேய்த்தேரையும் அடிகள் தேர்ந்தது இக்கருத்துப் பற்றியே. துன்பம் உள்ளபொருளாய்த் தேங்கி நிற்பது. ஆதலின் குட்டம் எனப்பட்டது. அச்சமயங்கள் நீர்வேட்கையை எழுப்பி அதனைத் தணியாது விடுவன. ஆதலின் பேய்த்தேர் எனப்பட்டன. இவ்விரண்டன் குறையும் நீங்க, நீருமாய் நெறியுமுடையதாய் வருவதனையே நான்காவதாக யாறு என்றார்.

இந்த யாறு என்னும் சொல்லின் வரலாறு சிறிது விரித்துரைக்கத் தக்கது. இக்காலத்தில் நாம் ஆறு என்றே வழங்குகின்றோம். வழி என்னும் பொருளிலும் ஆறு என்னும் சொல் உண்டு, எண்ணுப்பெயராகவும் உண்டு. ஆதலின் மேடைகளிற் சமயச் சொற்பொழிவு செய்வார் பலர், 'ஆறாவது வழி. ஆகவே அருளாற்றை நன்னெறியென்றே அடிகள் குறித்தார்' என்று சொல்நயம் காட்டுதல் வழக்கம். கேட்டற்கு இனிதாயினும் இஃது இவ்விடத்துக்குப் பொருந்தாது. பண்டைத் தமிழில் நதியைக் குறிக்கும் சொல்லும் வழியைக் குறிக்கும் சொல்லும் ஒன்றல்ல. நதி யாறு, வழி ஆறு. சங்கச் செய்யுட்களிலே நதிப்பெயர் பெரும்பாலும் யகரத்தை முதலாகக் கொண்டே வருகின்றது. வழிப்பெயரோ திருக்குறள் முதலியவற்றில் ஆறு என்றே வருகின்றது, யகரம் பெறுவதில்லை.

கல்லிலும் இதற்குச் சான்றுண்டு. கரூரையடுத்த புகளூரில் ஆறுநாட்டார் மலை என்னும் குன்று காவிரிக்கு அணித்தாக உள்ளது. அங்குள்ள குகையிற் சேரமன்னர் காலத்துத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்றில், சமண முனிவர் ஒருவருடைய ஊர் யாற்றூர் என்று யகரத்தோடு பொறிக்கப்பட்டுள்ளது. அது கி.பி. இரண்டாம் நூற்றாண்டையொட்டியது என்பர். குன்றின் இக்காலப் பெயர் ஆறு எனத் தொடங்குகின்றது. குகையிலுள்ள பழைய எழுத்தோ யாறு என்கின்றது. ஒரே குன்றில் சொல்லின் இரு வடிவங்களையும் காண்கின்றோம்.

இவ்வாறு மொழிமுதல் யகரம் தேய்ந்தது இச்சொல் ஒன்றில் மட்டுமன்று. யகரம் ஆகாரத்தோடு மட்டுமே மொழிக்கு முதலாம் என்பது தொல்காப்பியனார் விதி. அவ்விதியின்கீழ் வந்த சொற்களுட் பல காலப்போக்கில் யகரத்தை இழந்தன. யானை ஆனையாயிற்று, யாண்டு ஆண்டாயிற்று, யாமை ஆமையாயிற்று, யாடு ஆடாயிற்று. இனமொழியாகிய தெலுங்கை நோக்கின் இவ்வேறுபாடு இன்னும் தெளிவாம். அம்மொழியில் ஆறு என்பது எண். நதியோ ஏறு எனப்படும். யானையை ஏனுகு என்பதும் இதுபோன்றதே. தமிழில் யா என நின்றவிடத்துத் தெலுங்கில் ஏ நிற்கின்றது. தொடக்கத்தில் நதியும் எண்ணும் ஒரே ஒலியுடைய சொற்களாயிருந்தால் தெலுங்கில் இவை இரண்டாகப் பிரிந்திருத்தற்குக் காரணமில்லை. எனவே நதி வேறு, எண் வேறு, வழி வேறு. யகரம் தேய்ந்தபின்னரே மூன்றும் ஒலியில் ஒன்றாயின என்பது பெறப்படும்.

தேவாரத்தில் கங்கையைக் குறிக்குமிடத்து ஆறு என்னும் வடிவம் மிகுதியும் பயில்கின்றது. ஆதலின் அடிகள் காலத்துக்கு முன்னரே புதுவடிவம் வழக்கிற் புகுந்துவிட்டது. ஆயினும் திருவண்டப்பகுதியின் இவ்விடத்தில் அடிகள் ஆண்ட சொல் பேரியாறு என்பது. இதனைப் 'பெரிய ஆறு' என்று பிரித்தல் பிழை. பெரிய என்பது அகரவீற்றுச் சொல், அதன்முன் ஆறு என்னும் ஆகார முதற்சொல் வரின் வகர உடம்படுமெய் தோன்றிப் பெரியவாறு என்றாகும், முதலெழுத்தும் நீளாது. பேரியாறு என்பது பேர் என்பதும் யாறு என்பதும் புணர்ந்தது. மெய்யீற்றின்முன் யகரம் வரின் இடையே ஓர் இகரம் தோன்றுதலும் உண்டு என்பதனை நன்னூலாரும் உடன்பட்டார். பேர் என்பதன் ரகர மெய்க்கும் யாறு என்பதன் யகரத்துக்கும் இடையே நிற்கும் இகரம் அதுவே. ஆறு என்னும் வடிவத்தோடு புணர்ந்திருப்பின் பேராறு என்றே நிற்கும். ஆகவே அவ்விகரம் ஒன்றே, நிலைமொழியின் பின்வந்த சொல் யகரமுதலது என்பதனைக் காட்டிக்கொடுக்கின்றது. ஏட்டில் ஐயம் நேர்ந்தவிடத்துச் சொல்லின் பழமையை அறிதற்கு இதுபோன்ற புணர்ச்சியே துணை.

இங்ஙனம் கூறுவதனால் அருளுக்கும் நெறிக்கும் தொடர்பில்லை என்று யாம் கூறினோமல்லேம். நெறி என்னும் கருத்து அச்சொல்லின் ஒலியில் இல்லை. அச்சொல் குறிக்கும் பொருளின் செயலில் உள்ளது. ஒலியொப்புமையைப் பிடித்து நயங்காண முற்படுவார், அதற்கடுத்து அடிகள் விரித்துரைத்த செயலைக் கவனியாது செல்வர். அச்செயலே ஈண்டு நமக்கு வேண்டுவது.

பேரியாறு என்ன செய்கின்றது? முதலில் பாய்ந்து எழுகின்றது. ஓடுதல் வேறு, பாய்தல் வேறு. ஓடுதல் நீர்க்கு இயல்பான ஒழுக்கம். பாய்தல் தன் வலியாற் குதித்துச் செல்லுதல். அடுத்து இன்பமாகிய பெருஞ்சுழிகளைக் கொழிக்கின்றது. சுழி என்பது நீரில் இறங்கினாரை உள்ளிழுப்பது. யாற்றில் ஆடுவார் அதற்கு அஞ்சுவர். அவ்வச்சத்துக்குரிய சொல்லையே இன்பத்தோடு சேர்த்தார். உள்ளிழுக்கப்பட்டவன் தானாக மீளமாட்டான் என்பது சுழியின் இயல்பு, அருளின்பமும் அத்தகையது. புனல் என்னும் சொல்லை இப்பகுதியில் அவர் எடுத்தாளாமைக்குக் காரணமும் இதனால் விளங்கும். புனல், கரையிலிருப்பார் விரும்பி இறங்கி விரும்பியபோது ஏறுதற்குரியது. இப்பேரியாறு அவ்வாறு விளையாட்டுக்குரியதன்று.

பின்னர் யாறு கரையைப் பொருகின்றது, அலைக்கின்றது, இடிக்கின்றது. இம்மூன்று வினைகளும் ஒரு கருத்தைப் பலபடக் கூறியனவல்ல. வெள்ளக்காலத்தில் யாற்றங்கரையில் நின்று பார்த்தவர்க்கு இம்முறை கண்கூடு. முதலில் நீர் கரையின் அடியை மோதுகின்றது. மோத மோத அடிமண் கரைந்து மேல்மண் நெகிழ்ந்து அசைகின்றது. அசைந்தபின் கரை பெரும்பாளமாகப் பிளந்து நீரில் விழுகின்றது. கரை விழுந்தபின்பே அதன்மேல் நின்ற மரத்தின் வேர் வெளிப்படும். வேர் வெளிப்பட்டபின்பே மரம் சாயும். அடிகளும் கரையை முதலிலும் மரத்தைப் பின்னரும் வைத்தார். கரை பந்தம், மரம் இருவினை. மரம் நேரே வெட்டப்படவில்லை. அஃது ஊன்றியிருந்த மண் முதலில் பறிபோயிற்று. அதனால் மரம் வேரோடு வந்தது. வினைக்கு நிலைக்களனாகிய கட்டு நீங்கவே வினை நீங்கும் என்னும் சித்தாந்த முறை, இங்கு ஒரு யாற்றங்கரைக் காட்சியாகவே அமைந்துவிட்டது. அம்மரம் முறைமுறையாக வளர்ந்தது என்பதற்கு ஊழ் என்னும் சொல்லை இரட்டித்து ஆண்டதும் கருதத்தக்கது. ஊழ் முறையுமாம், விதியுமாம். பிறவிதோறும் அடுக்கடுக்காக வளர்ந்த வினைக்கு அதனினும் பொருந்திய சொல் வேறில்லை.

இதுவரை கூறியன அழித்தற்றொழில். இங்கேயே உருவகம் முடிந்திருந்தால், அருள் வந்தது, கட்டு ஒழிந்தது, இனிச் செய்யத்தக்கது யாதுமில்லை என்று பொருள் கொள்ள இடமுண்டு. அவ்வாறு கொள்வாரும் உளர். ஆயின் அடிகள் நிறுத்தவில்லை. இவ்விடத்தே அடியேன் இளமையிற் செய்த பிழையொன்றைக் கூறுதல் படிப்பார்க்குப் பயன்படும்.

மடத்தில் பாடங்கேட்ட நாளில் ஆசிரியர் இப்பகுதியை எடுத்து, அடியேனைப் பொருள் சொல்லுமாறு பணித்தார். யாறு மரத்தைப் பறித்தது வரை தடையின்றிச் சொன்னேன். அதனையடுத்து அருள்நீரைப் பற்றி ஓட்டா என்னும் சொல் வருகின்றது. அதனை எதிர்மறையாகக் கருதி, 'அருள்நீர் ஓடவொட்டாது தடுக்கும் மலை' என்று பொருள் சொன்னேன். ஆசிரியர் சினக்கவில்லை. "மரத்தை வேரோடு பறித்த வெள்ளத்தை எந்த மலை அப்பா தடுத்தது?" என்று மட்டும் கேட்டார். விடை தெரியாது நின்றேன். "வயலுக்கு நீர் எப்படி வந்தது?" என்று மீட்டும் கேட்டார். அதற்கும் விடையில்லை. அன்று பாடம் அவ்வளவோடு நின்றது. மறுநாள், செய்யா என்னும் வாய்பாட்டு வினையெச்சத்தை இலக்கண நூலில் எடுத்துப் படித்துவருமாறு கட்டளையிட்டார். அப்பொழுதுதான் ஓட்டா என்பது 'ஓட்டி' என்னும் பொருளதாகிய உடன்பாட்டு எச்சம் என்பது விளங்கிற்று. பெய்து என்பது பெய்யா என்றும், உண்டு என்பது உண்ணா என்றும் செய்யுளில் வருதல் போல்வது இது. இவ்வெச்சமும் எதிர்மறையும் உருவில் ஒத்தலின், பின்வரும் வினையோடு இயைத்துப் பார்த்தே தெளிதல் வேண்டும். ஈண்டுப் பின்வருவன சிறை கட்டுதலும் குளவாய் கோலுதலும் ஆதலின், ஓட்டி என்பதே பொருந்தும். ஓட்டாமல் என்று கொள்ளின், நீரில்லாத குளத்துக்கு அணை கட்டியதாக முடியும்.

இச்சிறு சொல்லில் ஒரு பெரிய வேறுபாடும் அடங்கியிருக்கின்றது. பேரியாறு பாய்ந்தது என்னுமிடத்து வினை தன்வினை. அருள்நீரை ஓட்டி என்னுமிடத்து வினை பிறவினை. முன்னது தானே சென்றது. பின்னது பிறரால் செலுத்தப்பட்டது. செலுத்தினவர் யாவர்? ஓட்டி, கட்டி, கோலி, நோக்கி, இட்டு என்னும் எச்சங்களைத் தொடர்ந்து சென்றால், தொண்டராகிய உழவர் ஆர என்னுமிடத்து அவை சேர்கின்றன. ஆகவே நீரை ஓட்டினவரும், சிறை கட்டினவரும், குளம் அமைத்தவரும், விதைத்தவரும் தொண்டரே என்று கொள்ளுதல் நேரிது. பாய்தல், சுழித்தல், இடித்தல், பறித்தல் ஆகிய நான்கும் யாற்றின் தொழில்கள். ஓட்டுதல், கட்டுதல், கோலுதல், நோக்குதல், இடுதல் ஆகிய ஐந்தும் உழவர் தொழில்கள். நீரைத் தந்தது ஒன்றே மேகத்தின் கொடை. இம்மூன்று வகையும் ஒன்றோடொன்று மயங்காமல் சொல்லமைதியாலேயே பிரிந்து நிற்கின்றன.

இனிக் குளத்தைக் காண்போம். அடிகள் திருவாதவூரிற் பிறந்து மதுரையில் அமைச்சுரிமை பூண்டவர் என்பது வரலாறு. அந்நாடு குளங்களின் நாடு. வையை ஆண்டு முழுவதும் ஒழுகும் யாறன்று. மழைக்காலத்தில் வரும் வெள்ளத்தைக் கால்வழி ஈர்த்துக் குளங்களில் தேக்கி, அதனால் வேளாண்மை செய்வதே அந்நாட்டு மரபு. அவற்றை இன்றும் அப்பக்கத்தார் கண்மாய் என்பர். வெள்ளம் வந்த நாளில் வயலில் விதைப்பாரில்லை. யாற்றுநீர் நேரே வயலிற் புகின் அது பயிரைத் தராது, மண்ணையே வாரிச்செல்லும். அந்நீரை மேட்டுநிலத்து இடைவெளியில் கரையிட்டு மறித்து, வாய் அமைத்து, மெல்ல இறக்கினால்தான் வயலுக்குப் பயன்படும். 1895ஆம் ஆண்டில் மேற்கு மலையில் பெரியாற்றின் குறுக்கே அணைகட்டி முடித்து, அந்நீரை மலையைக் குடைந்து வையைப் பக்கம் திருப்பினபோது, மதுரை நாட்டார் கண்டதும் இம்முறையின் பெருவடிவமே. மேல்கடலை நோக்கி வீணே பாய்ந்த வெள்ளம் மலைச்சந்தில் மறிக்கப்பட்டபின்னரே அந்நாட்டு வயலுக்கு நீராயிற்று.

சிறை என்னும் சொல்லை இக்காலத்தில் கேட்டவுடன் குற்றஞ்செய்தாரை அடைக்கும் இடமே நினைவுக்கு வரும். அதன் பழம்பொருள்களுள் ஒன்று நீரை மறிக்கும் அணை. அடிகள் பந்தம் ஒழிந்ததைச் சொன்ன வாயாலேயே, அதனையடுத்துச் சிறை கட்டியதைச் சொல்கின்றார். ஒழிந்தது கட்டு, எழுந்ததும் ஒரு கட்டே. இதனினும் வெளிப்படையாக அவர் கருத்தைக் காட்டுவது கரை என்னும் சொல். இப்பகுதியில் அச்சொல் இருமுறை வருகின்றது. முதற்கரை பந்தமாகிய கரை; அது பேரியாற்றால் இடிக்கப்பட்டது. இரண்டாம் கரை அகிற்புகையாலாகிய கரை. அது குளத்துக்குக் கரையாக நிற்கின்றது. ஒரே சொல், சில அடிகளுக்குள், அழியும் பொருளுக்கும் ஆக்கப்படும் பொருளுக்கும் பெயராகின்றது.

இரண்டு கரைகளுக்கும் வேறுபாடு யாது? முதற்கரை மண்ணாலாகியது; தானே திரண்டது; நீரை நம்பால் வாராது விலக்குவது. அதன்மேல் வினைமரம் வேரூன்றி வளர்கின்றது. இரண்டாம் கரை தொண்டராற் கோலப்பட்டது. நீரை நம்பால் நிறுத்துவது. அக்குளத்தின் உறுப்புக்களாக அடிகள் வைத்தவை, தேன்பொருந்திய நறுமலர், அகிற்புகை, மலரை நாடிவரும் வண்டு என்பன. இவை திருக்கோயில் வழிபாட்டிற் காணப்படுவன. எனவே குளம் என்றது சிவபூசை முதலிய கிரியைகளால் அமைந்த நிலை என்பது தெளிவு. அதனையடுத்து அருச்சனையை வயலாக்கினமையும் இக்கருத்தையே உறுதிசெய்யும்.

புகையைக் கரையாக்கினது என்னை என்று சிலர் வினவுவர். புகை நீரைத் தடுக்குமா என்பது அவர் ஐயம். மண்கரை திண்ணியது, ஆயினும் வீழ்ந்தது. புகைக்கரை மெல்லியது, ஆயினும் நின்றது. அருள்நீர் வலியால் மறிக்கப்படுவதன்று. அன்பர் செய்யும் மெல்லிய வழிபாட்டுக்குள் தானே அடங்கி நிற்பது. அகிற்புகை குளத்தின் நாற்புறமும் சூழ்ந்து எழுவது கரையுயர்ந்ததுபோலத் தோன்றும் என்னும் காட்சிப்பொருத்தமும் உண்டு.

குளம் நிறைந்து மேன்மேல் உயர்வதை நோக்கி விதைத்தார் என்பதிலும் உழவரின் அனுபவம் பொதிந்திருக்கின்றது. குளத்தையே நம்பி உழுவோன் முதல் மழை பெய்ததென்று விதையை வாரி இறைப்பதில்லை. கரையில் நின்று நீர்மட்டம் நாளுக்கு நாள் ஏறுவதைக் கண்டு, இவ்வாண்டு விளைவுக்குப் போதும் என்று தெளிந்தபின் விதைப்பான். நீர் நில்லாமுன் விதைத்தவன் விதையையும் இழப்பான். மகிழ்தல் என்னும் சொல்லை அந்நீர் பொங்கி ஏறுதற்கு வைத்தது, நீரின் எழுச்சியும் அதனைக் காணும் உழவன் உள்ளத்தெழுச்சியும் ஒன்றாய்த் தோன்றுதற்பொருட்டு. அன்பு வித்தாக இடப்படுவது அந்நிலையிற்றான். வழிபாடு அருளை உண்டாக்கவில்லை; அருள் முன்னரே மழையாக வந்துவிட்டது. வழிபாடு வயலாகி அதனை ஏற்கின்றது. அன்பு அதில் முளைக்கின்றது. வயலால் மழை வருவதில்லை. ஆயின் வயலின்றி மழையால் விளைவுமில்லை.

அருளின் வெள்ளம் வந்து கட்டறுத்தபின் கோயில் வழிபாடும் தொண்டும் எற்றுக்கு என்னும் வினா பழமையானது, இன்றும் கேட்கப்படுவது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டதேவ நாயனார் சிவஞானபோதத்தின் 12ஆம் சூத்திரத்தில் இதற்கு விடையிறுத்தார். மலம் நீங்கிய நிலையிலும் அன்பரோடு கூடி, அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் சிவனெனவே கண்டு தொழுதல் வேண்டும் என்பது அச்சூத்திரத்தின் கருத்து. நூலின் இறுதிச் சூத்திரமாக அது வைக்கப்பட்டமை கருதுக. மலநீக்கத்தோடு நூல் முடியவில்லை, வழிபாட்டோடு முடிகின்றது. திருவண்டப்பகுதியிலும் மரம் பறிபோனதோடு உருவகம் முடியவில்லை. வயலோடும் தொண்டரோடும் முடிகின்றது. சாத்திரம் சூத்திரத்தாற் சொன்னதனை, அதற்கு முன்னரே தோத்திரம் ஒரு குளத்தின் வரலாறாகச் சொல்லிவைத்தது.

இறுதியாக ஒன்று. இவ்வளவு நீரையும் கூறி, முடிவில் அடிகள் வாழ்த்துவது நீரையன்று. மேகன் என்று அன்விகுதி கொடுத்து மேகத்தை வாழ்த்துகின்றார். மேகம் என்பது அஃறிணை. மேகன் என்பது உயர்திணை ஆண்பால். கடலாயும் முகிலாயும் துளியாயும் யாறாயும் குளநீராயும் வந்தவெல்லாம், ஈற்றெழுத்து மாறிய அளவிலே, ஒரு பொருளினின்றும் ஓர் உடையானாகின்றன. நீர் எங்கிருந்து வந்தது என்று உழவன் அண்ணாந்து பார்க்கும் பார்வை அச்சொல்லில் இருக்கின்றது.

இனி இப்பகுதியை ஓதுவோர், கரை என்னும் சொல் முதன்முறை வருமிடத்தும் இரண்டாமுறை வருமிடத்தும் சற்றே நின்று ஓதுவாராக. முன்னது நமக்குள் இடியவேண்டுவது. பின்னது நாம் நாடோறும் மலரிட்டும் புகையிட்டும் கோலவேண்டுவது. இரண்டனுள் ஒன்றை மட்டும் கொண்டு மற்றொன்றை விடுவோர்க்கு, வெள்ளம் உண்டு, விளைவில்லை.

திருச்சிற்றம்பலம்.